115-க்கும் 33-க்கும் நடுவே தற்செயல்

1955 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் தாமஸ் பிரான்சிஸ் என்ற தொற்றுநோயியல் பேராசிரியர் ஓர் அறிக்கையை வாசித்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி லட்சக்கணக்கான பள்ளிக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டிருந்தது. அதன் முடிவுகளைத்தான் அன்று நாடே எதிர்பார்த்துக் காத்திருந்தது. அறிக்கையின் அட்டவணைகளில் ஒரு வரி மட்டும் எல்லாவற்றையும் விடக் கனமானது. தடுப்பூசி போட்ட 2,00,745 குழந்தைகளில் 33 பேருக்கு வாதம் வந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்ட 2,01,229 குழந்தைகளில் 115 பேருக்கு வந்தது.

33, 115. பார்த்ததுமே தடுப்பூசி வேலை செய்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கேள்வி கேட்டுப் பழகியவர் சற்று நிற்பார். இரண்டு பக்கமும் இரண்டு லட்சம் பேர். அதில் நோய் கண்டவர்கள் ஒரு கை எண்ணிக்கைதான். ஊசியில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, வெறும் தற்செயலாக ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழுந்திருக்கக் கூடாதா? இந்தச் சந்தேகத்தை எண்ணிக்கையால் தீர்த்துக்கொள்ளும் வழியைத்தான் புள்ளியியலில் கருதுகோள் சோதனை என்கிறார்கள். அந்த வழி எப்படிப் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க பிரான்சிஸின் அட்டவணையை விட நல்ல இடம் கிடைப்பது அரிது. அதிலேயே வெவ்வேறு விதமான தீர்ப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

முதலில் சோதனை ஏன் அப்படி வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1952-ல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்கு போலியோ வந்தது. அந்த நாடு அதுவரை காணாத அளவு. மறு ஆண்டு, தடுப்பூசி எதுவும் புழக்கத்தில் இல்லாமலேயே, எண்ணிக்கை சுமார் 35,000-க்கு இறங்கிவிட்டது. 1953-ன் தொடக்கத்தில் நாடு முழுவதும் தடுப்பூசி போட்டிருந்தால், அந்த இறக்கத்தின் புகழ் முழுவதும் ஊசிக்குப் போயிருக்கும். தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டிருந்தாலும் அதே புகழ்தான். ஏறி இறங்கும் நோயைப் போன ஆண்டோடு ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. அதே ஆண்டில், அதே ஊரில், அதே வயதில், ஊசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இன்னொரு கூட்டம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கூட்டத்தைக் குலுக்கல் முறையில்தான் உருவாக்கினார்கள். பதினொரு மாநிலங்களில், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளில் பெற்றோர் சம்மதித்தவர்கள் எல்லோருக்கும் ஊசி போடப்பட்டது. குப்பிகளில் பாதியில் தடுப்பூசி, பாதியில் பார்வைக்கு அதே போன்ற வெறும் திரவம். குப்பியின் மேல் ஒரு குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். எந்த எண்ணில் எது என்பது போட்டவருக்குத் தெரியாது, குழந்தைக்குத் தெரியாது, பிறகு காய்ச்சலோடு வந்த குழந்தையைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. இந்தக் குலுக்கல் வெறும் நேர்மைக்கான ஏற்பாடு மட்டுமல்ல. அடுத்து வரும் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கணக்கு ஒரு வேடிக்கையான இடத்திலிருந்து தொடங்குகிறது. நிரூபிக்க விரும்புவதற்கு நேர் எதிரானதை முதலில் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும். 'இந்தத் தடுப்பூசியால் எந்தப் பயனும் இல்லை' என்பதுதான் அந்த எதிர்நிலை. புள்ளியியலார் இதை இன்மைக் கருதுகோள் என்கிறார்கள். பயன் உண்டு என்பது மாற்றுக் கருதுகோள். ஏன் இந்தச் சுற்று வழி? 'பயன் உண்டு' என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. எவ்வளவு பயன், பாதியா, முக்காலா என்ற கேள்வி உடனே எழும். 'பயன் இல்லை' என்பதிலோ குழப்பமே இல்லை. அது உண்மையானால் என்ன நடக்க வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

என்ன நடக்க வேண்டும்? வாதம் வந்த குழந்தைகள் மொத்தம் 148 பேர். ஊசியில் ஒன்றும் இல்லை என்றால், இந்த 148 பேருக்கும் எது போட்டிருந்தாலும் நோய் வந்தே இருக்கும். அவர்களில் யார் தடுப்பூசிப் பக்கம் இருந்தார், யார் போலி ஊசிப் பக்கம் இருந்தார் என்பதைத் தீர்மானித்தது நோய் அல்ல, குலுக்கல். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்டச் சம அளவு. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு காசைச் சுண்டியது போல. தலை விழுந்தால் தடுப்பூசி, பூ விழுந்தால் போலி ஊசி. கேள்வி இப்போது எளிதாகிவிட்டது: ஒரு காசை 148 முறை சுண்டினால், 33 முறை மட்டும் தலை விழ எவ்வளவு வாய்ப்பு?

நல்ல காசில் 74 தலை எதிர்பார்க்கலாம். சரியாக 74 விழாது, முன்பின் இருக்கும். எவ்வளவு முன்பின் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு, திட்ட விலக்கம். காசு சுண்டுவதில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்துப் பாதியாக்கினால் போதும். 148-ன் வர்க்கமூலம் 12.17, அதில் பாதி ஏறக்குறைய 6. அதாவது 68, 80 போன்ற எண்கள் வருவது அன்றாடம். 62-க்குக் கீழேயோ 86-க்கு மேலேயோ போவது அபூர்வம், இருபது தடவையில் ஒரு தடவை கூட வராது. கிடைத்ததோ 33. எதிர்பார்த்ததிலிருந்து 41 குறைவு. திட்ட விலக்கத்தைப் போல ஆறே முக்கால் மடங்கு. தற்செயல் மட்டுமே இவ்வளவு பெரிய விலகலை, எந்தப் பக்கமாக இருந்தாலும், உண்டாக்கும் வாய்ப்பு பத்தாயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் பி மதிப்பு என்று பெயர். அது மிகச் சிறிதாக இருந்தால் இரண்டில் ஒன்றை ஏற்க வேண்டும். நம்பவே முடியாத ஒரு தற்செயல் நடந்திருக்கிறது, அல்லது 'பயன் இல்லை' என்று வைத்துக்கொண்டது தவறு. பத்தாயிரம் கோடியில் ஒன்று என்ற அளவில் முதலாவதை யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது.

இது எல்லோருக்கும் புரியும் வழக்கு. எல்லை வழக்குகளில்தான் சிக்கல். எவ்வளவு சிறியது 'மிகச் சிறியது'? ரொனால்ட் பிஷர் என்ற ஆங்கிலேயர், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பயிர்ச் சோதனைகளை அலசியவர், 1925-ல் ஆய்வாளர்களுக்காக எழுதிய நூலில் 20-ல் ஒன்று, அதாவது 5 விழுக்காடு, வசதியான கோடு என்றார். அந்த வசதி நாளடைவில் வழக்கமாகி, பல துறைகளில் சட்டம் போலவே ஆகிவிட்டது. இயற்கையில் அப்படி ஒரு கோடு எங்கும் இல்லை. 4.9-ல் ஒரு மருந்து பலித்து, 5.1-ல் பலிக்காமல் போவதில்லை.

இந்தக் கோடு என்ன செய்யக்கூடும் என்பதைப் பார்க்க, அதே போலியோ சோதனையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்க்கலாம். பக்கத்துக்கு 20,000 குழந்தைகள். இன்றைய எந்த அளவிலும் அது பெரிய சோதனைதான். தடுப்பூசியும் அதேதான், அதன் திறனும் அதேதான் என்று வைத்துக்கொள்வோம். நோய் விகிதங்கள் மாறாது என்பதால் போலி ஊசிப் பக்கம் சுமார் 11 பேர், தடுப்பூசிப் பக்கம் சுமார் 3 பேர் என்று கிடைக்கும். மொத்தம் 14. இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம்.

14 காசுகள் விழக்கூடிய விதங்கள் இரண்டின் 14-ம் அடுக்கு, அதாவது 16,384. அதில் தலையே விழாத விதம் ஒன்று. ஒரே ஒரு தலை விழும் விதங்கள் 14. இரண்டு தலை 91. மூன்று தலை 364. கூட்டினால் 470. இதே அளவு சாய்வு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தாலும், அதாவது தடுப்பூசி போட்டவர்களுக்கே நோய் கூடியிருந்தாலும், வியப்படைந்திருப்போம். ஆகவே அதையும் சேர்த்து 940. 940-ஐ 16,384-ஆல் வகுத்தால் 5.7 விழுக்காடு.

ஐந்தைத் தாண்டிவிட்டது! நோயை முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் குறைக்கும் தடுப்பூசி, 40,000 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையில் கோட்டைத் தொட முடியாமல் நிற்கிறது. ஊசியில் குறை இல்லை. நோய் அவ்வளவு அரிதானது, ஆகவே எண்ணுவதற்கு நோயாளிகளே போதவில்லை. சோதனையின் பலம் எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்பதில் இல்லை, எத்தனை பேருக்கு நோய் கண்டது என்பதில் இருக்கிறது. நான்கு லட்சம் குழந்தைகளைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

பயனற்றதைப் பயனுள்ளது என்று ஏற்பது ஒரு பிழை. பயனுள்ளதைக் கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு பிழை. ஜெர்ஸி நெய்மன், ஈகோன் பியர்சன் இருவரும் 1933-ல் வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தார்கள். முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இவற்றைத்தான். மாணவர்கள் முதலாவதை மனப்பாடம் செய்து, இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். போலியோ போன்ற நோயில் இரண்டாவது பிழை நடந்திருந்தால், அடுத்த கோடையில் இரும்பு நுரையீரல் எனப்பட்ட சுவாசக் கூண்டுகளுக்குள் படுத்திருந்திருக்கும் குழந்தைகள் அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள்.

மறுபடி பிரான்சிஸின் அட்டவணைக்கு வருவோம். வாதம் வந்தவர்கள் ஒரு வரி. வாதம் வராமல், காய்ச்சல், கழுத்து விறைப்பு போன்ற அறிகுறிகளோடு போலியோ என்று கணிக்கப்பட்டவர்கள் அடுத்த வரி. அதில் தடுப்பூசிப் பக்கம் 24, போலி ஊசிப் பக்கம் 27. மொத்தம் 51, சமமாகப் பிரிந்தால் இருபத்தைந்தரை. கிடைத்தது அதற்கு மிக அருகில். 51 காசுகளைச் சுண்டினால் இந்த அளவோ இதற்கு மேலோ சாய்வு வருவது 100-ல் 78 தடவை. இன்மைக் கருதுகோளை நிராகரிக்க இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியானால் வாதமில்லாத போலியோவைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று எழுதிவிடலாமா? இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நிராகரிக்க முடியவில்லை என்பதும், உண்மை என்று நிரூபித்தாயிற்று என்பதும் ஒன்றல்ல. இந்த வரிக்குப் பின்னால் வேறு கதைகள் இருக்கலாம். கழுத்து விறைப்போடு வரும் காய்ச்சலை வேறு வைரஸ்களும் கொண்டுவரும். அவற்றை இந்த ஊசி தடுக்காது. கைகால் விளங்காமல் போயிருக்க வேண்டிய சில குழந்தைகள் ஊசியின் தயவால் லேசான காய்ச்சலோடு தப்பி, இந்த வரிக்குள் வந்து சேர்ந்திருக்கவும் கூடும். பி மதிப்பு இவற்றில் எதையும் பிரித்துக் காட்டாது. பயன் இல்லாதிருக்க 78 விழுக்காடு வாய்ப்பு என்று படிப்பதும் தவறு. பயன் இல்லை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வைத்துக்கொண்டதே உண்மையா என்பதற்கான வாய்ப்பை அதிலிருந்து உருவ முடியாது.

இன்னொரு வரி இன்னும் கூர்மையானது. போலியோவால் இறந்தவர்கள்: தடுப்பூசிப் பக்கம் ஒருவரும் இல்லை, போலி ஊசிப் பக்கம் நான்கு குழந்தைகள். படிப்பவர் மனம் பதறும். கணக்கோ அசையாது. நான்கு காசும் ஒரே பக்கம் விழுவது 16-ல் இரண்டு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு. இந்த நான்கு மரணங்களை மட்டும் வைத்துக்கொண்டால், தடுப்பூசி உயிரைக் காக்கிறது என்று புள்ளியியல் ஒப்புக்கொள்ளாது. ஆனால் யாரும் அந்த வரியைத் தனியாகப் படிக்கவில்லை. மேலே 33-ம் 115-ம் இருக்கிறது, வாதம் முற்றித்தான் மரணம் வருகிறது என்ற மருத்துவ அறிவு இருக்கிறது. ஓர் எண்ணின் பொருளை அதைச் சுற்றியிருக்கும் அறிவோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் அருமையான வரி ஒன்றும் உண்டு. போலியோ என்று சந்தேகித்துப் பதிவு செய்து, பிறகு போலியோ அல்ல என்று தெளிந்தவர்கள் தடுப்பூசிப் பக்கம் 25, மறுபக்கம் 20. இங்கே வித்தியாசம் இருக்கவே கூடாது, ஏனென்றால் போலியோ ஊசி மற்ற நோய்களைத் தடுப்பதில்லை. கணக்கிட்டால் பி மதிப்பு ஏறக்குறைய 55 விழுக்காடு. வித்தியாசம் இல்லாத இடத்தில் சோதனையும் எதையும் காட்டவில்லை. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே மாதிரியாகக் கவனிக்கப்பட்டார்கள், ஒரு பக்கத்துக் காய்ச்சலை மட்டும் மருத்துவர்கள் தேடித் தேடி எழுதவில்லை என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி.

இதே 1954-ல், வேறு 33 மாநிலங்களின் சில பகுதிகளில் குலுக்கல் இல்லாத இன்னொரு முறை பின்பற்றப்பட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெற்றோர் சம்மதித்தவர்களுக்குத் தடுப்பூசி. முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒப்பீட்டுக்கு, அவர்களுக்கு எந்த ஊசியும் இல்லை. போலி ஊசி போடுவதில் மனம் ஒப்பாதவர்களுக்கு இது மனிதாபிமான வழியாகத் தோன்றியது. சால்க்கே போலி ஊசியை விரும்பவில்லை. முடிவு: தடுப்பூசி போட்டவர்களில் லட்சத்துக்கு 25 பேருக்குப் போலியோ, ஒப்பீட்டு வகுப்புகளில் லட்சத்துக்கு 54 பேருக்கு. எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருப்பதால் இங்கேயும் பி மதிப்பு மிக மிகச் சிறிதாகவே வரும்.

ஆனால் அந்தச் சிறிய எண்ணுக்கு இங்கே மதிப்பு குறைவு. காரணம் குலுக்கல் நடந்த மாநிலங்களின் ஒரு விவரத்தில் தெரிந்தது. அங்கே போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் லட்சத்துக்கு 71 பேருக்கு நோய். சம்மதமே தராமல் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகளில் லட்சத்துக்கு 46 பேருக்குத்தான். இரு சாராருக்கும் மருந்து இல்லை. பிறகு ஏன் வித்தியாசம்? சம்மதித்த குடும்பங்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவை. போலியோவோ சுத்தமான வீடுகளை அதிகம் தாக்கிய நோய். நெருக்கடியான, சுகாதாரம் குறைந்த இடங்களில் பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் உடம்பில் இருக்கும்போதே, வைரஸைச் சந்தித்து நோய்த்தடுப்புப் பெற்றுவிடுவார்கள். வசதியான பிள்ளைகள் அதைத் தாமதமாக, பாதுகாப்பில்லாமல் சந்தித்தார்கள்.

இப்போது வகுப்பு முறையைத் திரும்பப் பார்த்தால் கோணல் தெரியும். ஊசி போட்டவர்கள் சம்மதித்த குடும்பத்தவர், அதாவது இயல்பாகவே நோய் ஆபத்து கூடியவர்கள். ஒப்பீட்டு வகுப்புகளிலோ சம்மதிப்போரும் மறுப்போரும் கலந்திருந்தார்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே தடுப்பூசிக்குப் பின்தங்கிய கோடு கொடுத்தாயிற்று. குலுக்கல் நடந்த இடங்களில் 71-லிருந்து 28-ஆக இறங்கிய நோய், இங்கே 54-லிருந்து 25 என்று குறைவான இறக்கமாகத் தெரிந்ததற்கு இது முக்கியக் காரணம். இன்னொரு குறையும் உண்டு. எந்த வகுப்பு ஊசி போட்டது என்று மருத்துவருக்குத் தெரியும். லேசான அறிகுறியோடு வந்த பிள்ளையைக் கணிக்கும்போது அந்தத் தெரிதல் அவர் கையை எந்தப் பக்கமும் சாய்க்கலாம்.

'தற்செயலா?' என்ற ஒற்றைக் கேள்விக்கு மட்டுமே பி மதிப்பு பதில் சொல்கிறது. தற்செயல் இல்லை என்று அது சொன்னாலும், காரணம் ஊசியா, வசதியா, மருத்துவரின் சாய்வா என்று அது சொல்லாது. குலுக்கல் நடந்த இடத்தில் மட்டும்தான் தற்செயலை நீக்கினால் மிச்சமிருப்பது ஊசி ஒன்றே. குழந்தைகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் வகுப்பு முறையின் கோணல் நிமிர்ந்திருக்காது. தவறான ஒப்பீட்டின் பி மதிப்பு இன்னும் சிறிதாகி, தவறுக்கு இன்னும் உறுதியான தோற்றம் கிடைத்திருக்கும்.

எவ்வளவு பயன் என்பதையும் பி மதிப்பு சொல்வதில்லை. அதற்கு விகிதங்களைத்தான் பார்க்க வேண்டும். குலுக்கல் நடந்த மாநிலங்களில் வாதம் லட்சத்துக்கு 57-லிருந்து 16-ஆகக் குறைந்தது, அதாவது சுமார் 71 விழுக்காடு குறைவு. பெற்றோருக்குத் தேவையான எண் இது.

பிரான்சிஸ் அறிக்கை வாசித்த அன்றே அமெரிக்க அரசு தடுப்பூசிக்கு உரிமம் வழங்கியது. சில நாட்களிலேயே, கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு வாதம் வருவதாகச் செய்திகள் வந்தன. அந்தத் தயாரிப்பின் சில தொகுதிகளில் வைரஸ் முழுவதும் கொல்லப்படாமல் உயிரோடு இருந்தது. பலருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று, பத்துப் பேர் இறந்தார்கள். 33-ம் 115-ம் பொய்யாகிவிடவில்லை. அவை 1954-ல் அந்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட குப்பிகளைப் பற்றிய எண்கள். 1955-ல் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த குப்பிகள் அந்தச் சோதனைக்குள் இருக்கவில்லை. அவற்றை அரசு திரும்பப் பெற்று, ஒவ்வொரு தொகுதியிலும் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை இறுக்கிய பிறகே தடுப்பூசித் திட்டம் மீண்டும் நடைபோட்டது.